நின்றுபோன கதிர்களின் படம்

படியிறங்கும்போது கால் தவறி, வலது கையை ஊன்றி விழுந்திருந்தார் அவர். நடுத்தர வயது. மணிக்கட்டு லேசாக வீங்கியிருந்தது. கட்டைவிரலின் அடியில், கையை விரித்தால் குழியாகத் தெரியும் இடத்தில், தொட்டாலே துடித்தார். இரண்டு கோணங்களில் படம் எடுத்தோம். இரண்டிலும் எலும்புகள் வெள்ளை வெளேரென்று, விளிம்பு குலையாமல் நின்றன. முறிவு எதுவும் தெரியவில்லை என்று மருத்துவர் சொன்னதும் அவர் கேட்டார்: “எலும்பில் ஒன்றும் இல்லை என்கிறீர்கள். பிறகு ஏன் ஐயா இப்படி வலிக்கிறது? சதையில் என்ன ஆயிற்று என்று இந்தப் படத்திலேயே பார்த்துச் சொல்லக் கூடாதா?”

எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்த எவரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள். இதற்கு ஒட்டிப் பிறந்த இன்னொரு கேள்வியும் உண்டு: “அடிக்கடி எக்ஸ்ரே எடுத்தால் ஆபத்தாமே?” இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: உடலுக்குள் போய், மறுபக்கம் வந்து சேராமல் நின்றுபோன கதிர்களிடம்.

முதலில் படம் என்பது என்ன என்று பார்த்துவிடுவோம். எக்ஸ்ரே படத்தைப் புகைப்படம் போல நினைத்துக்கொள்வது பலரின் வழக்கம். புகைப்படம் பொருளின் மேல் பட்டுத் திரும்பும் ஒளியால் உண்டாவது. எக்ஸ்ரே படம் அப்படியல்ல, அது நிழல். மேலே ஒரு குழாயிலிருந்து கதிர்கள் கிளம்புகின்றன, நடுவில் கை, கீழே கதிரை உணரும் தகடு. கை இல்லாத இடத்தில் கதிர்கள் முழுதாகத் தகட்டில் விழுகின்றன. அந்த இடம் கறுப்பு. எலும்புக்குப் பின்னால் குறைவாக விழுகின்றன. அந்த இடம் வெள்ளை. ஆக, படத்தில் எலும்பு வெள்ளையாகத் தெரிவது அங்கே ஏதோ ஒளிர்வதால் அல்ல. அங்கே கதிர் வந்து சேரவில்லை என்பதைத்தான் வெள்ளை சொல்கிறது.

அப்படியானால் எலும்பு எத்தனை கதிர்களை நிறுத்துகிறது, சதை எத்தனையை நிறுத்துகிறது என்பதுதான் கேள்வி. மணிக்கட்டுக்குப் பொதுவாக 50 முதல் 60 கிலோவோல்ட் வரை மின்னழுத்தம் கொடுப்போம். குழாயிலிருந்து பலவித ஆற்றல் கொண்ட கதிர்கள் கலந்துதான் வரும். கணக்கு எளிதாக இருக்க, 40 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்டவற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்த ஆற்றலில் நூறு கதிர்த் துகள்களைக் கையின் மேல் விடுகிறோம் என்று வையுங்கள்.

வழியில் நான்கு சென்டிமீட்டர் சதை மட்டும் இருந்தால், ஏறத்தாழ 32 துகள்கள் மறுபக்கம் வரும். அதில் ஒரு சென்டிமீட்டர் சதையை எடுத்துவிட்டு அதே தடிமனுக்குக் கெட்டியான எலும்பை வைத்தால், வருவது 12தான். 32க்கும் 12க்கும் இடையிலான இந்தப் பள்ளத்தைத்தான் நம் கண் எலும்பு என்று படிக்கிறது. சரி, எலும்புக்குப் பதிலாக அந்த ஒரு சென்டிமீட்டரில் கொழுப்பை வைத்தால்? 34 வரும். தசைநாரை வைத்தால்? ஒன்றுகூடக் குறையாது. தசை, தசைநார், ரத்தம், வீக்கத்தில் கோத்திருக்கும் நீர் எல்லாமே கதிரின் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவர் கேட்ட கேள்விக்கு நேரடிப் பதில் இதுவே. சதைக்குள் கிழிந்த நார் இருக்கலாம், கட்டிய ரத்தம் இருக்கலாம். கதிருக்கு அவை எல்லாம் ஒரே நீர்த்தேக்கம் மாதிரி.

எலும்பு மட்டும் ஏன் இத்தனை கதிரை நிறுத்துகிறது? அது கனமாக, அடர்த்தியாக இருக்கிறது என்பது பாதிப் பதில்தான். கெட்டியான எலும்பின் அடர்த்தி சதையைப் போல இரு மடங்குக்கும் சற்றுக் குறைவு. அது மட்டுமே காரணமாக இருந்தால் வித்தியாசம் இத்தனை பெரிதாக இருந்திருக்காது. மீதிப் பதில் அணுவுக்குள் இருக்கிறது.

சதை என்பது பெரும்பாலும் ஹைட்ரஜன், கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன். இவற்றின் அணு எண்கள் 1, 6, 7, 8. எலும்பில் இவற்றோடு பாஸ்பரஸும் கால்சியமும் சேர்கின்றன. அணு எண்கள் 15, 20. கெட்டியான எலும்பின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கால்சியம்தான். அணுவின் கருவை ஒட்டி உள்வட்டத்தில் இருக்கும் எலெக்ட்ரான், வந்து மோதும் கதிர்த் துகளை அப்படியே விழுங்கிவிட்டு, அந்த ஆற்றலோடு அணுவை விட்டுப் பாய்ந்துவிடும். இதற்கு ஒளிமின் விளைவு என்று பெயர். இப்படி நடப்பதற்கான வாய்ப்பு, எடைக்கு எடை பார்த்தால், அணு எண்ணின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. ஆக்சிஜனின் 8 எங்கே, கால்சியத்தின் 20 எங்கே? விகிதம் இரண்டரைதான். ஆனால் இரண்டரையை மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், பதினைந்தைத் தாண்டிவிடும். எலும்பை வெள்ளையாக்குவது இந்த மும்மடிதான். வயிற்றுப் படத்துக்கு முன் குடிக்கக் கொடுக்கும் பேரியமும், ரத்தக்குழாயில் செலுத்தும் அயோடினும் இதே தந்திரம்தான். அணு எண்கள் 56, 53. குடலும் குழாயும் தம்மால் நிறுத்த முடியாத கதிரை நிறுத்துவதற்கு அவற்றைக் கூலிக்கு அமர்த்துகிறோம்.

இந்த விளைவுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. கதிரின் ஆற்றல் கூடக் கூட, விழுங்கப்படும் வாய்ப்பு அதே மும்மடி வேகத்தில் சரிகிறது. 100 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் எடைக்கு எடை பார்த்தால், எலும்புக்கும் சதைக்கும் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம்தான் மிஞ்சும். மார்புப் படத்தை 120 கிலோவோல்ட் அளவில் எடுப்பது இதனால்தான். அங்கே நமக்கு வேண்டியது நுரையீரல். குறுக்கே நிற்கும் விலா எலும்புகள் மங்கினால் நல்லது. விலா முறிவைத் தேடுபவர் மார்புப் படத்தை நம்பி உட்கார்ந்தால் ஏமாறுவதற்கும் இது ஒரு காரணம்.

திருப்பியும் போடலாம். ஆற்றலைக் குறைத்துக்கொண்டே போனால் சிறு அணு எண் வித்தியாசங்களும் பெரிதாகும். மார்பகப் படம் 25 முதல் 32 கிலோவோல்ட்டில் எடுக்கப்படுவது அதற்காகத்தான். அங்கே எலும்பே கிடையாது, கொழுப்புக்கும் சுரப்பித் திசுவுக்கும் இடையிலான வித்தியாசம்தான் படம். அப்படியென்றால் மணிக்கட்டையும் அதே ஆற்றலில் எடுத்துவிடலாமே என்றால், அங்கேதான் சிக்கல். ஆற்றல் குறைந்த கதிர் வழியிலேயே பெரும்பகுதி தீர்ந்துவிடும். தகட்டுக்குப் போதுமான அளவு வந்து சேர வேண்டுமென்றால் மேலே கொட்டும் அளவைப் பல மடங்கு கூட்ட வேண்டும். மார்பகத்தை இரு தட்டுகளுக்கு இடையே வலிக்கும் அளவுக்கு அழுத்துவதன் முக்கியக் காரணங்களில் ஒன்று, கதிர் கடக்க வேண்டிய தடிமனைக் குறைப்பது.

சதை எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது என்று சொல்லிவிடுவதும் முழு உண்மை அல்ல. சதையின் விளிம்பு தெரியும், பக்கத்தில் வேறொன்று இருந்தால். மார்புப் படத்தில் இதயத்தின் ஓரம் அத்தனை தெளிவாகத் தெரிவது இதயத்தின் தயவால் அல்ல; அதை ஒட்டியிருக்கும் நுரையீரலின் காற்றால். நுரையீரலின் அந்தப் பகுதியில் நிமோனியா வந்து காற்றிருந்த இடத்தில் நீர் நிறைந்தால், இதயத்தின் ஓரம் அழிந்துபோகும். ஒரு கோடு காணாமல் போனதை வைத்து நோயைக் கண்டுபிடிக்கிறார்கள் மருத்துவர்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்தது முழங்கையில் நடப்பது. முழங்கை மூட்டின் பின்புறம், எலும்பின் குழிக்குள் சிறிய கொழுப்புத் திட்டு ஒன்று பதுங்கியிருக்கிறது. மூட்டு நலமாக இருக்கும்போது, கையை மடக்கிப் பக்கவாட்டில் எடுத்த படத்தில் அது தெரியாது. மூட்டுக்குள் ரத்தம் கசிந்தால் அந்தத் திட்டு வெளியே தள்ளப்பட்டு, எலும்புக்குப் பின்னால் கறுப்பாக ஒரு பிறை போலத் தெரியும். ரத்தம் படத்தில் தெரியாது. முறிவும் சில நேரம் தெரியாது. கொழுப்பு மட்டும் இடம்பெயர்ந்து நின்று, உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். முன்னே சொன்ன 32க்கும் 34க்கும் இடையிலான அந்த இரண்டே துகள் வித்தியாசம்தான் இங்கே சாட்சி.

இனி, நின்றுபோனவற்றின் பக்கம் வருவோம். நூறில் 12 வந்தன. மீதி 88 எங்கே? அவை மறைந்துவிடவில்லை. ஒரு பகுதி முட்டித் திசை மாறி, ஆற்றலின் சிறு பங்கை மட்டும் விட்டுவிட்டு வேறெங்கோ சிதறுகின்றன. எலும்பில் பெரும்பகுதி முழுதாக விழுங்கப்படுகிறது. அப்படி விழுங்கிய ஓர் எலெக்ட்ரானைப் பின்தொடர்ந்து பாருங்கள். கால்சியம் அணுவிலிருந்து அது சுமார் 36 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு கிளம்புகிறது. ஒரு வேதிப் பிணைப்பை முறிக்கச் சில எலெக்ட்ரான் வோல்ட்டே போதும். அதனால் அது ஓய்வதற்குள், செல்லின் குறுக்களவை ஒத்த சிறு தூரத்தில், ஆயிரம் தடவைக்கு மேல் மற்ற அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைத் தட்டிவிட்டுப் போகிறது. வழியில் தண்ணீர் மூலக்கூறுகள் உடைந்து, எதையும் பற்றிக்கொள்ளத் துடிக்கும் துண்டுகள் உண்டாகின்றன. அந்தத் துண்டுகளோ, எலெக்ட்ரானே நேரடியாகவோ டி.என்.ஏ. இழையைத் தாக்கலாம்.

ஆக, படத்தில் எலும்பை வரைந்ததும் அந்த நிறுத்தம்தான். செல்லுக்குள் காயம் செய்ததும் அதே நிறுத்தம்தான். தடையின்றிக் கடந்துபோன கதிர் உடலுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. ஆனால் எல்லாக் கதிரும் அப்படியே கடந்துபோயிருந்தால் படம் முழுக்கக் கறுப்பாகத்தான் இருந்திருக்கும். தீங்கே இல்லாத எக்ஸ்ரே வேண்டும் என்று கேட்பவர், நிழலே விழாத நிழற்படத்தைக் கேட்கிறார்.

தீங்கின் அளவைப் பார்க்கும்போதுதான் நிதானம் வேண்டும். டி.என்.ஏ. இழையின் இரு பக்கமும் ஒரே இடத்தில் அறுபடுவதுதான் செல் அஞ்ச வேண்டிய காயம். ஒரு பக்கம் மட்டும் அறுந்தால் மறுபக்கத்தை அச்சாக வைத்துச் சரிசெய்துகொள்ளும். உடல் வாங்கிக்கொண்ட கதிர்வீச்சை அளக்கும் அலகு கிரே; ஒரு கிரே அளவு கதிர்வீச்சு ஒரு செல்லில் ஏறத்தாழ 40 இரட்டை அறுபடல்களை உண்டாக்குகிறது. கிரேயின் ஆயிரத்தில் ஒரு பங்கான ஒரு மில்லிகிரே என்றால், 25 செல்களில் ஒன்றில் ஓர் அறுபடல். மணிக்கட்டுப் படம் இதிலும் ஒரு சிறு பங்கு. அறுபட்டதைச் செல் பெரும்பாலும் ஒட்டிவிடும். ஒட்ட முடியாத செல் பெரும்பாலும் இறந்துவிடும். தவறாக ஒட்டிவிட்டு உயிரோடும் இருந்து, தவறான இடத்தில் தவறிய அந்த அரிய செல்தான் பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோயாகலாம்.

இதனால் தீங்கை இரண்டாகப் பிரித்துப் பேசுகிறார்கள். ஒன்று, ஒரு வரம்பைத் தாண்டினால் கட்டாயம் வரும் காயம். தோல் சிவக்கச் சுமார் 2 கிரே வேண்டும். சாதாரணப் படம் அதன் அருகில்கூடப் போகாது. எக்ஸ் கதிர்ப் படத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே நெடுநேரம் செய்யும் இதயக்குழாய்ச் சிகிச்சைகளில் எப்போதாவது எட்டும். ஆரம்ப காலத்தில் இது அரிதாக இல்லை. ராண்ட்கன் 1895 நவம்பரில் இந்தக் கதிரைக் கண்டுபிடித்தார். டிசம்பரிலேயே மோதிரத்தோடு தம் மனைவியின் கையைப் படமெடுத்தார். அடுத்த சில ஆண்டுகளில் இந்தக் குழாய்களோடு வேலை செய்தவர்கள், கதிர் சரியாக வருகிறதா என்று சோதிக்கத் தங்கள் கையையே குறுக்கே நீட்டினார்கள். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி அவர்களில் ஒருவர். கைகள் வெந்து, புண்ணாகி, புற்றுநோய் பரவி, கைகளை வெட்டியெடுத்தும் பயனின்றி 1904இல் இறந்தார். எடிசன் எக்ஸ் கதிர் ஆராய்ச்சியையே கைவிட்டார்.

இரண்டாவது வகைக்கு வரம்பு கிடையாது. வாய்ப்பு மட்டும்தான் உண்டு. இதை அளக்க மில்லிசீவர்ட் என்ற அலகைப் பயன்படுத்துகிறார்கள். எந்த உறுப்பில் பட்டது, அது எவ்வளவு எளிதில் பாதிக்கப்படும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடும் அலகு அது. மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் விண்ணிலிருந்தும் ஒருவர் மேல் எப்படியும் விழும் கதிர்வீச்சு, உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். இதை அளவுகோலாக வைத்தால், மணிக்கட்டுப் படம் சுமார் 0.001, அதாவது மூன்றரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதற்குச் சமம். மார்புப் படம் சுமார் 0.02; மூன்று நாள். வயிற்று சி.டி. ஸ்கேன் 8 அளவில் வரும். மூன்று ஆண்டுக்கும் மேல். எக்ஸ்ரேயும் சி.டி.யும் ஒரே கதிர்தான் என்பது பலருக்குத் தெரியாது. பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல், மணிக்கட்டுப் படத்துக்குப் பயப்படுவது அதனால்தான்.

ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், சுமார் 100 மில்லிசீவர்ட்டுக்கு மேல் புற்றுநோய் கூடுவது தெளிவாகத் தெரிந்தது. அதற்குக் கீழே, இயல்பாக வரும் புற்றுநோய்களின் கூட்டத்தில் இந்தச் சிறு கூடுதல் அமுங்கிவிடுகிறது. பாதுகாப்பு விதிகளை வகுப்பவர்கள் அங்கேயும் அளவுக்கு ஏற்ப அபாயம் உண்டு என்றே வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கில் 10 மில்லிசீவர்ட் என்பது ஏறத்தாழ இரண்டாயிரம் பேரில் ஒருவருக்குக் கூடுதலாகப் புற்றுநோய். மார்புப் படம் என்றால் பத்து லட்சத்தில் ஒருவருக்கு. குழந்தைகளின் செல்கள் வேகமாகப் பிரிகின்றன, அவர்களுக்கு வாழ இன்னும் நெடுங்காலமும் இருக்கிறது. அதனால் அவர்களின் கணக்கு இதைவிடக் கடுமை. கருவில் இருக்கும் குழந்தையைப் பற்றிய எச்சரிக்கை 1950களில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற மருத்துவர் இங்கிலாந்தில் செய்த ஆய்விலிருந்து வந்தது. கர்ப்பமாக இருக்கிறீர்களா என்று பெண்களிடம் கேட்காமல் வயிற்றுப் படம் எடுக்கக் கூடாது என்ற பழக்கம் அதன் பின்னால் வலுப்பட்டது.

“வருடத்துக்கு எத்தனை எக்ஸ்ரே எடுக்கலாம்?” இந்தக் கேள்விக்கு ஓர் எண்ணை எதிர்பார்க்கிறார்கள். எண் கிடையாது. கதிர்வீச்சோடு வேலை செய்பவருக்கு வரம்பு உண்டு: ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1. நோயாளிக்கு மட்டும் சர்வதேச விதிகளில் உச்சவரம்பே வைக்கவில்லை. மறதியால் விட்டதல்ல. ரத்தம் கசியும் மூளையைப் பார்க்க வேண்டிய நேரத்தில், இந்த ஆண்டுக்கான ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியுமா? அதற்குப் பதிலாக இரண்டு கேள்விகள் வைத்திருக்கிறார்கள். இந்தப் படம் சிகிச்சையை மாற்றுமா? மாற்றும் என்றால், பதில் கிடைப்பதற்குப் போதுமான மிகக் குறைந்த அளவு எது?

இங்கே பலரும் இடறும் ஓர் இடம் உண்டு. போன மாதம் நான்கு படம் எடுத்தாயிற்று, ஐந்தாவது வேண்டாம் என்று சிலர் மறுப்பார்கள். அபாயம் அளவுக்கு ஏற்பக் கூடுகிறது என்ற கணக்கில், ஐந்தாவது படம் சேர்க்கும் அபாயம், முதல் படம் சேர்த்த அதே சிறு அளவுதான். பழையது கழியவும் கழியாது, புதியதைப் பெருக்கவும் பெருக்காது. அதனால் ஒவ்வொரு படத்தையும் அதனதன் தேவையை வைத்தே முடிவு செய்ய வேண்டும். நான் எரிச்சல்பட்டது வேறு விஷயத்துக்கு: பழைய படம் வீட்டு அலமாரியில் கிடக்க, அதைக் கொண்டு வராததால் மறுபடி எடுத்த படங்கள். அவை வெறும் வீண்.

“மிகக் குறைந்த அளவு” என்பதை எப்படி முடிவு செய்வது? கதிர்த் துகள்கள் மழைத்துளி போலத் தாறுமாறாக விழுகின்றன. தகட்டின் ஒரு சிறு கட்டத்தில் சராசரியாக நூறு துகள்கள் விழும் என்றால், பக்கத்துக் கட்டத்தில் 92 விழலாம், அடுத்ததில் 109 விழலாம். நூறுக்கு இந்த ஏற்ற இறக்கம் பொதுவாகப் பத்து அளவில் இருக்கும். அதாவது பத்து சதவீதம். படத்தில் இது மணல் தூவியது போலப் புள்ளிபுள்ளியாகத் தெரியும். இதைப் பாதியாக்க, அளவை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு கூட்ட வேண்டும். ஒரு சதவீதத்துக்குக் கொண்டுவரக் கட்டத்துக்குப் பத்தாயிரம் துகள் வேண்டும்.

இப்போது பழைய கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். 32க்கும் 12க்கும் உள்ள வித்தியாசம், மணல் எவ்வளவு தூவியிருந்தாலும் தெரியும். அதனால் கதிரின் கணக்கில் எலும்புப் படம் மலிவு. கொழுப்புக்கும் தசைக்கும் உள்ள ஆறு சதவீத வித்தியாசத்துக்கு மணல் நன்றாக அடங்க வேண்டும். தசைக்கும் தசைநாருக்கும் உள்ள ஓரிரு சதவீதத்தைப் பிரித்தெடுக்க வேண்டுமென்றால், விலை பல மடங்கு. சி.டி. ஸ்கேன் ஓரளவு அந்த விலையைத்தான் கொடுக்கிறது. ஒன்றன் மேல் ஒன்று விழும் நிழல்களைப் பல கோணங்களில் எடுத்துப் பிரித்து, சிறு வித்தியாசங்களையும் மேலே கொண்டுவருகிறது. அதன் அளவு மார்புப் படத்தைப் போல நூற்றுக்கணக்கான மடங்காக இருப்பது அதற்காகத்தான். தசைநாரைப் பார்க்க எம்.ஆர்.ஐ.க்கு அனுப்புவது கதிரை மிச்சம் பிடிக்க மட்டுமல்ல. அது கால்சியத்தை எண்ணாமல், நீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜனின் நடத்தையைக் கேட்கிறது. எக்ஸ் கதிருக்கு ஒன்றாகத் தெரிபவை அங்கே வேறுவேறாகிவிடுகின்றன.

எக்ஸ்ரே அறையில் அளவைக் கட்டுப்படுத்தும் வழிகள் பெரும்பாலும் சாதாரணமானவை. குழாயின் வாயில் சில மில்லிமீட்டர் அலுமினியத் தகடு இருக்கிறது. மிகக் குறைந்த ஆற்றல் கொண்ட கதிர்கள் எப்படியும் கீழே இருக்கும் உணரும் தகட்டைச் சென்று சேரா. தோலிலேயே தீர்ந்து, படத்துக்கு எதுவும் தராமல் தீங்கு மட்டும் தரும். அவற்றை அலுமினியம் முன்பே வாங்கிக்கொள்கிறது. அடுத்தது, கதிர் விழப்போகும் இடத்தைக் காட்டும் வெளிச்சக் கட்டத்தைச் சுருக்கி, மணிக்கட்டு மட்டும் அதற்குள் விழும்படி வைப்பது. இதில் இரட்டை லாபம்: படும் உடல் குறைவு, சிதறும் கதிரும் குறைவு. சிதறிய கதிர் எங்கிருந்தோ வந்து தகட்டில் விழுந்து, படத்தின் மேல் மெல்லிய மூடுபனி போர்த்திவிடும். அதே சிதறலுக்காகத்தான் படமெடுப்பவர் சுவருக்குப் பின்னால் ஓடுகிறார். அவர் ஓடுவதைப் பார்த்து நோயாளிகள் கலங்குவதுண்டு. நோயாளிக்கு அது ஒரு நாள். அவருக்கோ அது நாள்தோறும் பலமுறை.

ஈயக் கவசம் பற்றிய பழக்கம் மட்டும் தலைகீழாகிவிட்டது. இடுப்புப் படம் எடுக்கும்போது இனப்பெருக்க உறுப்புகளின் மேல் ஈயத் துண்டு வைப்பது பல தலைமுறைகளாக நல்ல பழக்கமாகக் கருதப்பட்டது. 2019இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர்கள் சங்கம் அதை வழக்கமாகச் செய்வதை நிறுத்தலாம் என்று சொன்னது. ஈயம் சற்று நகர்ந்தால் பார்க்க வேண்டிய இடத்தை மறைத்துவிடும். மறுபடி எடுக்க நேரும். தானாக அளவைத் தீர்மானிக்கும் கருவியின் உணரி மேல் ஈயத்தின் நிழல் விழுந்தால், கதிர் போதவில்லை என்று அது அளவைக் கூட்டிவிடும். உடலுக்குள்ளேயே சிதறும் கதிரையோ மேலே வைத்த ஈயம் தடுக்காது. இன்னும் கவசம் கேட்டுப் பிடிவாதம் பிடிப்பவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கேட்கச் சொல்லிப் பழக்கியது நாங்கள்தானே.

டிஜிட்டல் தகடு வந்த பிறகு முளைத்த தவறு இன்னும் நுட்பமானது. ஃபிலிம் காலத்தில் அளவு கூடினால் படம் கறுத்துப்போகும். தவறு அன்றைக்கே அம்பலம். டிஜிட்டலில் கணினி வெளிச்சத்தைச் சரிசெய்துவிடும். அளவு குறைந்தால் மணல் தெரியும், மருத்துவர் திட்டுவார். அளவு இரு மடங்கானாலோ படம் இன்னும் வழவழப்பாக, அழகாக இருக்கும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். திட்டு வாங்காமல் இருக்க, கை தானாகவே அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போகும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் மணிக்கட்டுக்கான அளவு சில வருடங்களில் இப்படியே ஏறிக் கிடந்தது. பழைய பதிவுகளைப் புரட்டியபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. தகட்டில் எவ்வளவு கதிர் விழுந்தது என்று படத்தின் ஓரத்தில் கருவி காட்டும் வெளிப்பாட்டு எண்ணைப் பார்ப்பது ஒன்றுதான் இதற்கு வழி. படம் மிக அழகாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

கையை ஊன்றி விழுந்தவரிடம் திரும்புவோம். அவருக்கு வலித்த குழிக்கு அடியில் ஸ்கேஃபாய்டு என்ற படகு வடிவச் சிறு எலும்பு இருக்கிறது. அதில் விழும் விரிசல் முதல் நாள் படத்தில் தெரியாமல் போவது சகஜம். விரிசலும் கால்சியக் கணக்குக்கு உட்பட்டதுதான்: மயிரிழை அளவுக்கு எலும்பு விலகியிருந்தால், கதிர் அந்த இடைவெளியின் வழியே நேராகப் போனால்தான் வித்தியாசம் பதியும். சற்றே சாய்ந்து போனாலும் இரு பக்கத்து எலும்பும் அதை மூடிவிடும். ஒன்றுக்கு இரண்டு கோணம் எடுப்பதும், ஸ்கேஃபாய்டுக்கென்றே கூடுதல் கோணங்கள் வைத்திருப்பதும் அதற்காக. ஆனால் அளவைக் கூட்டி எடுத்தால் தெரிந்திருக்குமா என்றால், இல்லை. வித்தியாசமே பதியாத இடத்தில் எத்தனை கதிர் கொட்டினாலும் அது வராது.

மருத்துவர் அவருக்குக் கட்டைவிரலோடு சேர்த்துக் கட்டுப் போட்டார். வாய்ப்பு இருந்தால் உடனே எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், இல்லையென்றால் பத்து முதல் பதினான்கு நாள் கழித்து மறுபடி ஒரு படம் என்றார். அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். இந்த இடைவெளியில் உடல் ஒரு வேலை செய்யும். உடைந்த விளிம்புகளில் இருக்கும் செத்த எலும்பை அரித்து எடுக்கும். அரித்த இடத்தில் கால்சியம் போய்விடும், மயிரிழை அகலமாகும்.

பன்னிரண்டாம் நாள் வந்தார். “மறுபடியும் கதிரா?” என்றார். இன்னொரு மூன்றரை மணி நேரம்தான் ஐயா என்றேன். முதல் நாள் வைத்த அதே அளவு, அதே கோணம், அதே குறுகிய வெளிச்சக் கட்டம். திரையில் படம் வந்தது. அந்தச் சிறு எலும்பின் இடுப்பில், முன்பு வெறும் வெள்ளையாக இருந்த இடத்தில், குறுக்கே ஒரு மெல்லிய கறுப்புக் கோடு ஓடியது.